கழுத்துச் சுளுக்கு என்று நினைத்தோம், வலி கைக்கு இறங்குகிறது. என்ன செய்வது?

செல்வி_திருப்பூர்

வணக்கம். என் வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். வயது 47. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன வாரம் ஊருக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி வந்தார். காலையில் இறங்கும்போதே கழுத்து பிடித்துக்கொண்டது. வலது பக்கம் திரும்பவே முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். சுளுக்குதானே என்று வென்னீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்துவிட்டேன்.

இப்போது கழுத்து ஓரளவுக்குத் திரும்புகிறது. ஆனால் வலி இடம் மாறிவிட்டது. வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம், முதுகில் ஒரே இடத்தில் குத்துகிறது என்கிறார். அங்கிருந்து கையின் பின்பக்கமாகக் கீழே இறங்குகிறதாம். ராத்திரியில் ரொம்ப அதிகம். என் மாமியார் சுளுக்கு வழிக்கிற ஆளைக் கூட்டிவரச் சொல்கிறார். கம்பெனியில் ஒருவர் எலும்புத் தேய்மானம், உடனே எம்ஆர்ஐ எடு என்கிறார். எதைக் கேட்பது?

மணிகண்டன்_கரூர்

அக்கா, இது சுளுக்கேதான். எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். தலையணை சரியில்லாமல் படுத்தாலோ, ஏசி காற்று நேராகப் பட்டாலோ காலையில் கழுத்து பூட்டிக்கொள்ளும். நாலைந்து நாளில் தானாகவே விட்டுவிடும். ஸ்கேன் அது இதென்று போனால் காசைக் கறந்துவிடுவார்கள். நான் சலூனில் முடி வெட்டிவிட்டு கழுத்துக்கு ஒரு சொடக்கு எடுக்கச் சொல்வேன். படக்கென்று ஒரு சத்தம், அதோடு பாரம் இறங்கிவிடும்.

பிசியோ நந்தினி

மணிகண்டன் சொல்வதில் பாதி சரி. காலையில் எழும்போது பூட்டிக்கொள்கிற கழுத்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விட்டுவிடும். ஸ்கேன் தேவைப்படாது. ஆனால் செல்வி சொல்லும் கதை அங்கே நிற்கவில்லை. கழுத்து இளகிக்கொண்டு வரும்போதே கையில் வலி கூடுகிறது. சாதாரணப் பிடிப்பு இந்த வரிசையில் போகாது.

சொடக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். சுளுக்கு வழிப்பவரும் கழுத்தைத் திருகத்தான் போகிறார், அவரையும் நிறுத்தி வையுங்கள். கழுத்து எலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று இருபக்கமும் ஏறுகிறது. வேகமாகத் திருகும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனால் தானாகவே போகிற வலிக்கு எதற்கு அந்த வம்பு?

செல்வி, நாலு விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். வலி முழங்கையைத் தாண்டிக் கீழே போகிறதா? மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போலிருப்பது என்றால் எந்த விரலில்? எப்படி வைத்தால் கைக்கு இதமாக இருக்கிறது? வழக்கமாகச் செய்கிற ஏதாவது ஒரு வேலை இப்போது முடியாமல் போயிருக்கிறதா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

அப்புறம், நெஞ்சில் இறுக்கம், வியர்வை, நடந்தால் கூடுகிற வலி இதெல்லாம் இருந்தால் கழுத்தை விட்டுவிட்டு முதலில் ஈசிஜி எடுங்கள். வலது கை என்பதால் இதயம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

எனக்கும் கழுத்து எலும்புத் தேய்மானம் பத்து வருடமாக இருக்கிறது. படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுற்றும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். எக்ஸ்ரே பார்த்து ஸ்பாண்டிலோசிஸ் என்றார்கள். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டே காலம் ஓடுகிறது. தங்கைக்கு என் அறிவுரை, உடனே ஒரு பட்டை வாங்கி மாட்டிவிடுங்கள்.

பிசியோ நந்தினி

ஐயா, உங்களுடையது வேறு விஷயம் போலத் தெரிகிறது. புரண்டு படுக்கும்போது அரை நிமிடம் சுற்றி நிற்பது பெரும்பாலும் காதுக்குள்ளிருந்து வருவது. உங்கள் வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தில் தேய்மானம் தெரியும். அதனால் சுற்றலுக்கு அதன்மேல் பழி விழுந்திருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் வைத்து அவர்களே சரிசெய்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பத்து வருடமாக யாரும் இதைச் சொல்லவில்லையே அம்மா. பார்க்கிறேன். ஆனால் பட்டை போட்டால் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

செல்வி_திருப்பூர்

ராத்திரி அவரை உட்காரவைத்துக் கேட்டேன். நெஞ்சு வலியெல்லாம் இல்லை. இருந்தாலும் பயத்தில் பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுத்தோம், சரியாக இருக்கிறது.

வலி முழங்கையைத் தாண்டி, முன்னங்கையின் புறப்பக்கமாகப் போகிறது. நடுவிரல் மரத்திருக்கிறது, ஆள்காட்டி விரலில் கொஞ்சம். கட்டைவிரலில் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், தூங்கும்போது வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். கையைக் கீழே தொங்கவிட்டால் இழுக்கிறது என்கிறார். மேலே பரணைப் பார்த்தால் சுள்ளென்று கைக்குப் பாய்கிறதாம்.

வேலையைப் பற்றிக் கேட்டபோது முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் சொன்னார், கட்டிங் மிஷினைத் துணி அடுக்குக்குள் முன்னே தள்ளும்போது கை முழுதாக நீள மாட்டேன் என்கிறதாம். இடது கையையும் கொடுத்துத்தான் தள்ளுகிறார். மிஷின் பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து ரெண்டு தடவை பிளேடு மாற்றியிருக்கிறார்!

பிசியோ நந்தினி

அந்த பிளேடு விஷயம் ஒரு ரிப்போர்ட்டுக்குச் சமம். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஒன்றொன்றாகச் சொல்கிறேன். கழுத்துப் பிடிப்பிலும் வலி தோளுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் பரவும். சில பேருக்கு மேற்கை வரைகூட மந்தமாக வலிக்கும். அதனால் தோள் வலிக்கிறது என்ற ஒன்றை வைத்து நரம்பு என்று சொல்ல முடியாது. ஆனால் முழங்கையைத் தாண்டி, ஒரு கோடு போட்ட மாதிரி இறங்கி, குறிப்பிட்ட விரலில் மரத்துப்போனால் அது தசையின் வேலை இல்லை.

கழுத்து எலும்பு ஏழு, அங்கிருந்து கிளம்பும் நரம்பு ஒவ்வொரு பக்கமும் எட்டு. ஆறாவது எலும்புக்கும் ஏழாவது எலும்புக்கும் நடுவில் வெளியே வருவது ஏழாவது நரம்பு. அது மேற்கையின் பின்பக்கமாக இறங்கி நடுவிரலுக்குப் போகிறது. முழங்கையை நீட்டுகிற ட்ரைசெப்ஸ் தசையை நடத்துவதும் முக்கியமாக அதுதான். மிஷினை முன்னே தள்ளுவது முழுக்க முழுக்க அந்தத் தசையின் வேலை. கழுத்தில் நசுங்கும் நரம்புகளில் அதிகம் நசுங்குவதும் இந்த ஏழாவதுதான்.

கையைத் தலைமேல் வைத்தால் இதமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கையைத் தூக்கும்போது நரம்பின் வேர் தளர்கிறது, இழுவிசை குறைகிறது. தோள் மூட்டில் கோளாறு என்றால் இதற்கு நேர் எதிராக நடக்கும், கையைத் தூக்கினாலே உயிர் போகும். அண்ணாந்து பார்க்கும்போது நரம்பு வெளியே வருகிற வாயில் இன்னும் குறுகுகிறது, அதனால்தான் சுள்ளென்று பாய்கிறது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, கையை நேராக மேலே தூக்கி, முழங்கையை மடக்கி, நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்க, அவர் கையை நீட்டட்டும். இரண்டு கைக்கும் செய்து ஒப்பிடுங்கள். தலையைச் சாய்த்து உச்சந்தலையில் அழுத்துகிற பரிசோதனை யூடியூபில் கிடைக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள், நாங்களே பார்த்துத்தான் செய்கிறோம்.

பலம் குறைந்திருப்பது தெரிந்தால் இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். வலிக்காக மட்டும் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பலம் குறைந்தால் பொறுக்கக் கூடாது.

மணிகண்டன்_கரூர்

மேடம், அப்போ பஸ்ஸில் தூங்கியதுதான் காரணம் என்று செல்வி அக்கா சொன்னதே? தூங்கினால் எலும்பு தேயுமா?

பிசியோ நந்தினி

தேயாது. தேய்மானம் பல வருடமாக நடந்துகொண்டிருப்பது. எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு வயதாக ஆகத் தண்ணீர்ச் சத்தை இழந்து உயரம் குறைகிறது. உயரம் குறைந்தால் மேல் எலும்பும் கீழ் எலும்பும் நெருங்கும், ஓரத்தில் எலும்பு முள் மாதிரி வளரும், நரம்பு வாயில் சின்னதாகும். அது வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழுத்து கோணலாகக் கிடந்தாலோ, பாரம் தூக்கினாலோ, எதுவுமே செய்யாமலேகூட, நரம்பு வீங்கி எரிச்சலடைந்தால் வலி கிளம்பிவிடும். பஸ் தூக்கம் திரியைப் பற்ற வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சின்ன வயதுக்காரர்களுக்கு எலும்பு முள்ளைவிட ஜவ்வு பிதுங்குவதுதான் காரணமாக இருக்கும். 47 வயதில் இரண்டும் கலந்திருக்கலாம்.

முதல் இரண்டு மூன்று நாளில் இது சுளுக்கா நரம்பா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நரம்பு அழுத்தமும் பல பேருக்குத் தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில் ஒரே இடத்துக் குத்தலாகத்தான் ஆரம்பிக்கிறது. அங்கேதான் எல்லாரும் தைலம் தேய்க்கிறார்கள்.

விக்னேஷ்_ஐடி

எனக்கு 34 வயது. கழுத்து வலி என்று போனேன், நேராக எம்ஆர்ஐ. மூன்று இடத்தில் ஜவ்வு பிதுக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து தூக்கமே போய்விட்டது. ஜிம்மை விட்டேன், பைக்கை விற்றுவிட்டேன். கையில் வலி, மரமரப்பு எதுவும் கிடையாது. கழுத்து மட்டும் சாயங்காலம் இறுகும். நான் என்ன செய்ய வேண்டும்? இது கைக்கு இறங்குமா?

பிசியோ நந்தினி

பைக்கை விற்றிருக்க வேண்டாம். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1200 பேருக்கு மேல் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், 2015இல் வெளிவந்தது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. கழுத்தில் பிதுக்கம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது உங்கள் வயதைச் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை.

ஸ்கேனில் தெரியும் இடமும், மரத்துப்போன விரலும், பலம் குறைந்த தசையும் ஒரே நரம்பைக் காட்ட வேண்டும். அப்போதுதான் அந்த ஸ்கேனுக்கு மதிப்பு. உங்களுக்கு விரலும் இல்லை, தசையும் இல்லை. ஜிம்முக்குப் போங்கள். முதலில் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பின்னால் கைக்கு இறங்குமா என்றால், பிதுக்கம் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஆவதில்லை. உங்களுக்கு ஆகவே ஆகாது என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது.

விக்னேஷ்_ஐடி

நீங்கள் சொல்வது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்களே.

மதுரை ரவி

நான் ஆபரேஷன் செய்துகொண்டவன், அதனால் சொல்கிறேன். எனக்கும் இதே ஏழாவது நரம்புதான், ஆனால் இடது பக்கம். மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்தும் கை பலம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் ஆட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பைத் தள்ள முடியவில்லை. அப்புறம்தான் ஒத்துக்கொண்டேன்.

கழுத்தின் முன்பக்கம்தான் கீறுவார்கள். அது பல பேருக்குத் தெரியாது, நானும் பின்கழுத்து என்றே நினைத்திருந்தேன். மூச்சுக் குழாயை ஒதுக்கிவைத்துவிட்டு முன்னாலிருந்து போய் ஜவ்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூண்டு வைத்து இரண்டு எலும்பையும் சேர்த்துவிடுகிறார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தபோதே கை வலி இல்லை. அது நிஜம். ஆனால் இரண்டு வாரம் சோற்றை விழுங்கக் கஷ்டம், குரல் கரகரத்தது. விரல் மரமரப்பு போக மாதக்கணக்கானது. நுனியில் இன்னும் லேசாக இருக்கிறது. இதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

எல்லாரும் கத்தி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்குப் போனார்.

ஜெனி_நாகர்கோவில்

இந்த இழையைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. எனக்கு இன்றைக்குக் காலையில்தான் கழுத்து பிடித்தது. வயது 26. இடது பக்கம் திருப்பினால் உயிர் போகிறது. கையில் ஒன்றுமில்லை. தலையணையை வெயிலில் போடு என்கிறார் ஆச்சி. பட்டை வாங்கட்டுமா?

பிசியோ நந்தினி

ஜெனி, உங்களுடையதுதான் அசல் சுளுக்கு. கழுத்துக்குப் பின்னால் உள்ள சின்ன மூட்டு ஒன்றும் அதைச் சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொண்டு விட மாட்டேன் என்கின்றன. பட்டை வேண்டாம், அசையாமல் வைத்தால் இன்னும் இறுகும். கால் மணி நேரம் வென்னீர் ஒத்தடம் கொடுங்கள். தாங்க முடியாவிட்டால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், பாராசிட்டமால் போடலாம்.

ஒத்தடம் சூட்டோடு, முதலில் வலிக்காத பக்கம் மெதுவாகத் திரும்புங்கள். பிறகு வலிக்கிற பக்கம், வலி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் மட்டும் போய்த் திரும்பி வாருங்கள். அதைத் தாண்டித் தள்ளக் கூடாது. ஒரு மணிக்கு ஒரு தடவை நாலைந்து முறை போதும். இரண்டு நாள் வண்டி ஓட்டாதீர்கள். பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியாது என்பதற்காகத்தான். ராத்திரி பக்கவாட்டில் படுத்தால், தோளுக்கும் காதுக்கும் இடையே உள்ள இடைவெளி நிரம்புகிற உயரத்தில் தலையணை வையுங்கள். குப்புறப் படுக்காதீர்கள்.

ஆச்சி சொன்னபடி வெயிலில் போடுங்கள், தலையணைக்கு நல்லது.

ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியாமல் கழுத்து விறைத்தால் அது சுளுக்கே கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடிபட்ட பிறகு வந்த வலிக்கும் நான் சொன்ன எதையும் செய்யக் கூடாது.

அமுதா_சேலம்

எங்கள் அம்மாவுக்கு 63. வலி என்று பெரிதாக எதுவும் சொல்வதில்லை. ஆனால் ரெண்டு கையும் மரமரவென்று இருக்கிறது என்கிறார். ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை, புடவைக்கு ஊக்கு குத்த என்னைக் கூப்பிடுகிறார். சாவியைக் கீழே போட்டுவிடுகிறார். நடை கொஞ்சம் தள்ளாடுகிறது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். சர்க்கரை இருக்கிறது, அதனாலா? இங்கே நரம்பு என்று பேசுவதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது.

பிசியோ நந்தினி

அமுதா, இந்த இழையில் எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் அம்மாதான். சர்க்கரையாலும் மரமரக்கும், ஆனால் அது வழக்கமாகப் பாதத்தில்தான் ஆரம்பிக்கும். கை விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஒத்துழைக்காமல், நடையும் தள்ளாடினால், தேய்மானம் பக்கத்து நரம்பை விட்டுவிட்டு நடுவில் போகிற தண்டுவடத்தையே அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் வலி குறைவாகவே இருக்கும், அதனால்தான் எல்லாரும் தாமதமாக வருகிறார்கள். போன பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். மேலும் போகாமல் நிறுத்துவதுதான் சிகிச்சையின் முதல் நோக்கம்.

மசாஜ், இழுவை, சொடக்கு எதையும் செய்யவிடாதீர்கள். நாளைக்கே நரம்பு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் போவதில் மாற்றம் இருக்கிறதா, தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கரண்டு அடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள், அங்கே கேட்பார்கள். இவருக்கு எம்ஆர்ஐ தள்ளிப்போடக் கூடாது.

அமுதா_சேலம்

கரண்டு அடிக்கிற மாதிரி என்று அம்மாவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கூட்டிப்போகிறேன்.

செல்வி_திருப்பூர் (ஒரு வாரம் கழித்து)

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டிலேயே கையை நீட்டச் சொல்லிப் பார்த்தபோது வலது கை பலம் குறைவு என்று எனக்கே தெரிந்தது. இடது கையை என்னால் தடுக்க முடியவில்லை, வலது கையைச் சுலபமாகத் தடுத்துவிட்டேன். மருத்துவர் முழங்கைக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினார். இடது கை துள்ளியது, வலது கை ஏதோ பேருக்கு அசைந்தது. பலத்துக்கு ஐந்துக்கு நாலு என்று எழுதினார். நடக்கச் சொல்லிப் பார்த்தார், அதில் கோளாறு இல்லை.

எம்ஆர்ஐயில் ஆறாவது, ஏழாவது எலும்புக்கு நடுவில் ஜவ்வு உயரம் குறைந்திருக்கிறது, வலது பக்கம் நரம்பு வாயில் நெருக்கமாக இருக்கிறது என்று வந்தது. மேலே ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலும் பிதுக்கம் என்று போட்டிருக்கிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றார். தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை.

ஆபரேஷன் இப்போது வேண்டாம், மாத்திரையும் பிசியோவும் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் பலத்தை மறுபடி சோதிப்பேன், குறைந்தால் பேசுவோம் என்றார். பிரிகாபலின் என்று ஒரு மாத்திரை ராத்திரிக்குக் கொடுத்திருக்கிறார். பட்டை பற்றிக் கேட்டால், ஒரு மருத்துவர் போடு என்கிறார், பிசியோ சென்டரில் வேண்டாம் என்கிறார்கள்.

பிசியோ நந்தினி

சரியான கையில்தான் இருக்கிறார். விரல், தசை, சுத்தியல், ஸ்கேன் நான்கும் ஏழாவது நரம்பைத்தான் காட்டுகின்றன. மேலே இருக்கும் பிதுக்கத்தால் என்றால் ஆறாவது நரம்பு நசுங்கி, கட்டைவிரல் மரத்திருக்கும். அதனால்தான் அதை விடச் சொல்லியிருப்பார்.

பட்டை விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், புதிதாக வந்த கை வலிக்குச் சில வாரம் பட்டையும் ஓய்வும் கொடுத்தவர்களுக்கும் பிசியோ கொடுத்தவர்களுக்கும், சும்மா இருந்தவர்களைவிட வலி சீக்கிரம் குறைந்தது. அதனால் போடச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. நான் பெரும்பாலும் பட்டை கொடுப்பதில்லை. போட்டவர்கள் கழற்ற மாட்டேன் என்கிறார்கள். போடுவதாக இருந்தால் எந்தத் தேதியில் கழற்றுவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் இந்த நரம்புப் பிரச்சினை வந்த 561 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நான்கில் ஒருவருக்குத்தான் அறுவை சிகிச்சை நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் தொந்தரவே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அதில் அடக்கம்.

பழைய பிசியோ_கோவை

நந்தினி இழுவை சிகிச்சையைப் பற்றி வாயே திறக்கவில்லையே. முப்பது வருடமாக டிராக்ஷன் கொடுக்கிறேன். தாடையில் பெல்ட் மாட்டி மெதுவாக இழுத்தால் அந்த நேரத்திலேயே கை வலி குறைகிறது என்று நோயாளியே சொல்வார். கண்ணால் பார்த்ததை ஆய்வு இல்லை என்று தள்ள முடியுமா?

பிசியோ நந்தினி

சார், அந்த நேரத்தில் குறைவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சாயங்காலம் போன் செய்து மறுபடி வந்துவிட்டது என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. தண்டுவட அழுத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு, கையால் லேசாக இழுத்துப் பார்த்து இதம் தெரிந்தால் கொடுப்பேன், தெரியாவிட்டால் விட்டுவிடுவேன்.

பழைய பிசியோ_கோவை

கையால் இழுப்பதும் டிராக்ஷன்தான் அம்மா. சரி, நான் என் வழியில் போகிறேன்.

மதுரை ரவி

செல்வி, அந்த ராத்திரி மாத்திரை எனக்கும் கொடுத்தார்கள். முதல் வாரம் காலை பத்து மணி வரைக்கும் தலை தொங்கும். கட்டிங் மிஷின் வேலை என்கிறீர்கள். பிளேடு பக்கத்தில் நிற்பவர் தூக்கக் கலக்கத்தோடு போகக் கூடாது. நடுவிரல் மரத்த கை வேறு. பட்டாலும் உடனே தெரியாது.

செல்வி_திருப்பூர்

அதைத்தான் சொல்லி வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன். இரும்பு கிளவுஸ் போட்டுக்கொள்வேன், ஒன்றும் ஆகாது என்று சண்டை போடுகிறார். அதுவும் இவர் போடுவது இடது கையில், துணியைப் பிடிக்கிற கையில். மிஷின் பிடிக்கிற வலது கைக்கு ஒன்றுமில்லை. கம்பெனியில் ஒரு மாதத்துக்குச் செக்கிங் பகுதியில் போடுகிறேன் என்கிறார்கள், சம்பளம் குறையும். அங்கேயும் நாள் முழுக்கக் குனிந்தே பார்க்க வேண்டும். அது பரவாயில்லையா?

பிசியோ நந்தினி

மிஷினைவிட அது மேல். குனிந்து பார்ப்பதைவிட அண்ணாந்து பார்ப்பதுதான் இப்போது இந்த நரம்புக்கு ஆகாது. அதற்காக மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் தசை வேறு பிடித்துக்கொள்ளும். மேஜையின்மேல் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் துணியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை மேஜையில் சாய்ந்தபடி இருந்தால் கையின் பாரம் நரம்பை இழுக்காது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும். மாத்திரையை அவராகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குறைப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான்.

செல்வி_திருப்பூர் (இரண்டு வாரம் கழித்து)

மறுபடி சோதித்தார். பலம் குறையவில்லை, கொஞ்சம் தேறியிருக்கிறது என்றார். தோள்பட்டைக் குத்தல் போய்விட்டது. கையைத் தலைமேல் வைக்காமல் தூங்குகிறார். நடுவிரல் மட்டும் அப்படியே மரத்திருக்கிறது. ஆறு வாரம் பார்ப்போம் என்கிறார் மருத்துவர், மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள் பிசியோவில். எதை நம்புவது என்று தெரியவில்லை. அமுதா, உங்கள் அம்மாவுக்கு என்ன சொன்னார்கள்?

மதுரை ரவி

வலிதான் முதலில் போகும், அப்புறம் பலம் வரும், மரமரப்பு கடைசியில்தான் கிளம்பும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆறு வாரமா மூன்று மாதமா என்று காலண்டரைப் பார்க்காதீர்கள், கை நீட்டுகிற பலத்தை மட்டும் வாரம் ஒரு தடவை நீங்களே தடுத்துப் பாருங்கள்.

அமுதா_சேலம்

எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. தண்டுவடத்தில் அழுத்தம் இருக்கிறது. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். சர்க்கரை 280 இருப்பதால் முதலில் அதைக் குறைக்க அட்மிட் செய்திருக்கிறோம். முன்பக்கமாகவா பின்பக்கமாகவா என்று இன்னும் முடிவாகவில்லை. ரவி அண்ணா, உங்களிடம் தனியாகக் கொஞ்சம் கேட்க வேண்டும், மெசேஜ் போடுகிறேன்.